ஓவர்டியூ அறிவிப்பு, ஜூலை 2025: லெஸ்டர் பையர், மூன்று இன்வாய்ஸ், நிலுவை 51,635 பவுண்டு

பெறுநர்: கிளை மேலாளர், இ.சி.ஜி.சி., திருப்பூர்
தேதி: 12 ஆகஸ்ட் 2025

வணக்கம் மேடம்,

எங்கள் எஸ்.சி.ஆர். பாலிசியில் இருக்கும் இங்கிலாந்து, லெஸ்டர் பையரிடமிருந்து பணம் வரவில்லை. கெடு தாண்டி 30 நாளுக்கு மேல் ஆன இன்வாய்ஸ்களை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதால் ஜூலை மாதத்துக்கான ஓவர்டியூ டிக்ளரேஷனை இன்று போர்ட்டலில் பதிந்துவிட்டோம். 15ஆம் தேதி சுதந்திர தினம், வெள்ளிக்கிழமை வேறு. அதுவரை இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே செய்கிறோம். போர்ட்டலில் இருக்கும் கட்டங்களில் தொகையும் தேதியும்தான் போட முடிந்தது. நடந்தது என்ன என்பதை இந்தக் கடிதத்தில் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உங்களிடம் உடனே கேட்டு முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

கணக்கு இதுதான். மூன்று ஷிப்மென்ட்டும் ஓப்பன் அக்கவுண்ட், பி.எல். தேதியிலிருந்து 90 நாள், தூத்துக்குடி எஃப்.ஓ.பி., பையர் நியமித்த ஃபார்வர்டர் வழியாகப் போனவை. முதல் இன்வாய்ஸ் KN/24-25/118, குழந்தைகள் டி-ஷர்ட் 11,600 பீஸ், 1.85 பவுண்டு வீதம் 21,460 பவுண்டு, பி.எல். 12 மார்ச், கெடு 10 ஜூன். இதில் 24 ஜூன் அன்று 5,000 பவுண்டு வந்தது, பேங்க் அதை இந்த இன்வாய்ஸிலேயே வரவு வைத்துவிட்டது, ஆக பாக்கி 16,460. இரண்டாவது KN/24-25/131, லெக்கிங்ஸ் 8,500 பீஸ், 2.15 வீதம் 18,275 பவுண்டு, பி.எல். 29 மார்ச், கெடு 27 ஜூன், ஒரு பைசாகூட வரவில்லை. இந்த இரண்டும் ஜூலைக்குள்ளேயே 30 நாளைத் தாண்டிவிட்டன. இவை இரண்டும் சேர்ந்த 34,735 பவுண்டுதான் இப்போதைய டிக்ளரேஷனில் இருக்கிறது.

மூன்றாவது KN/25-26/009. டாப்பும் பாட்டமுமாக 6,500 செட், 2.60 வீதம் 16,900 பவுண்டு, பி.எல். 19 ஏப்ரல், கெடு 18 ஜூலை. இதற்கு 30 நாள் ஆவது 17 ஆகஸ்டில்தான். விதிப்படி செப்டம்பர் 15க்குள் சொன்னால் போதும், அப்போது முறைப்படி தனியாகப் பதிவோம். ஆனால் ஒரே பையரிடம் இரண்டு இன்வாய்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதை மட்டும் தெரியாததுபோல வைத்துக்கொள்வது சரியில்லை என்று இப்போதே உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். மூன்றும் சேர்த்து 51,635 பவுண்டு, இன்றைய மதிப்பில் சுமார் 60 லட்சம் ரூபாய். இந்தப் பையருக்கு நீங்கள் கொடுத்த கிரெடிட் லிமிட் 75 லட்சம், அதற்குள்தான் இருக்கிறோம். மார்ச் ஷிப்மென்ட்டுகளை ஏப்ரல் 15க்குள்ளும், ஏப்ரலில் போனதை மே 15க்குள்ளும் டிக்ளேர் செய்து பிரீமியத்தைச் சரிக்கட்டியிருக்கிறோம், அதன் நகலும் இணைப்பில் இருக்கிறது.

இனி பையர் பக்கம். ஜூன் 10 தாண்டியதும் போன் செய்தபோது “இந்த வாரம் அனுப்பிவிடுவோம்” என்றார்கள், 5,000 வந்தது. மீதியும் அனுப்பியாயிற்று என்று 30 ஜூன் அன்று மெயில் போட்டார்கள். ஸ்விஃப்ட் நகல், அதாவது எம்.டி.103, கேட்டோம். இன்றுவரை வரவில்லை, எங்கள் பேங்கின் நாஸ்ட்ரோ கணக்கிலும் அப்படி எதுவும் வரவில்லை என்று பேங்க் எழுத்தில் கொடுத்திருக்கிறது. அப்புறம் தங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு கடைச் சங்கிலி பணம் தரவில்லை என்று காரணம் மாறியது. இதெல்லாம் வழக்கமான இழுத்தடிப்பு என்று விட்டுவிடலாம், ஆனால் 22 ஜூலையில் வந்த மெயிலைப் பற்றி உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த மெயிலில்தான் முதல் தடவையாக, இரண்டாவது இன்வாய்ஸில் நேவி கலர் லெக்கிங்ஸ் 340 பீஸில் ஷேட் வித்தியாசம் இருப்பதாகச் சொன்னார்கள். பையர் தகராறு எழுப்பினால் அது கவரில் வராது, பையர் நாட்டுக் கோர்ட்டில் நாங்கள் தீர்ப்பு வாங்கிவந்த பிறகுதான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறோம், பின்னால் கிளெய்ம் சமயத்தில் இது புதிதாக முளைத்ததுபோல ஆகக்கூடாது. அவர்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் 340 பீஸுக்கு மதிப்பு 731 பவுண்டுதான். அதற்காக 51,635 பவுண்டையும் நிறுத்திவைக்க எந்த நியாயமும் இல்லை. தவிர, பையரே நியமித்த இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சி 25 மார்ச் அன்று திருப்பூரில் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் வைத்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செய்து, ஏ.க்யூ.எல். 2.5இல் பாஸ் கொடுத்திருக்கிறது. பையர் கையெழுத்துப் போட்ட ஷேட் பேண்ட் அட்டையும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கன்டெய்னர் மே 16ஆம் தேதியே ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தைவிட்டு வெளியே போனதாக டிராக்கிங் காட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, கெடுவும் தாண்டி நாங்கள் நெருக்கிய பிறகுதான் புகார் வருகிறது. போட்டோ, கார்டன் நம்பர், லேப் ரிப்போர்ட் மூன்றையும் 23 ஜூலையே கேட்டோம், எதுவும் வரவில்லை. முதல், மூன்றாவது இன்வாய்ஸ்களைப் பற்றி எந்தப் புகாரும் கிடையாது, அதே மெயிலில் அந்தத் தொகைகள் பாக்கி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரி முக்கியம் என்பதால் பிரிண்ட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறோம்.

எட்டு சதவீதம் கழித்துக்கொண்டு தருகிறோம் என்றும் ஒரு பேச்சு வந்தது. இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் ஜூலை 24இல் கையெழுத்தாகிவிட்டதே, இனி டியூட்டி போய்விடும், விலையைக் குறையுங்கள் என்கிறார்கள். ஒப்பந்தம் இன்னும் அமலுக்கே வரவில்லை, மார்ச்சில் போய் மே மாதம் கிளியர் ஆன சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தள்ளுபடி எதற்கும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, உங்களைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளவும் மாட்டோம்.

இப்போது அவசரமான விஷயம். 4 ஆகஸ்ட் அன்று பையர் ஒரு தவணைத் திட்டம் அனுப்பியிருக்கிறார்: ஆகஸ்ட் கடைசிக்குள் 8,000 பவுண்டு, மீதியை செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று தவணையில். கூடவே ஒரு நிபந்தனை, தயாராக இருக்கும் நாலாவது ஆர்டரை உடனே கப்பலேற்ற வேண்டுமாம். அந்த ஆர்டர் 7,200 டி-ஷர்ட், 13,320 பவுண்டு, பேக் செய்து எங்கள் கோடவுனில்தான் இருக்கிறது. நாங்கள் அனுப்பவில்லை. பாக்கி 30 நாளைத் தாண்டிய பையருக்கு உங்கள் அனுமதி இல்லாமல் புதிதாக அனுப்பினால் அதற்கு கவர் இருக்காது என்பது ஒரு பக்கம், பழைய பணத்தை வாங்குவதற்காகப் புதுச் சரக்கைக் கொடுப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ஏற்கெனவே அனுப்பிய மூன்றும் ஓப்பன் அக்கவுண்ட், பி.எல். அவர்கள் கைக்குப் போய்விட்டது, சரக்கை மீட்க வழியில்லை. எங்கள் கையில் மிச்சமிருப்பது இந்த நாலாவது ஒன்றுதான்.

தவணைத் திட்டத்துக்கு “பெற்றுக்கொண்டோம், இன்ஷூரரைக் கேட்டுச் சொல்கிறோம், அதுவரை பழைய கெடுவே கெடு” என்று மட்டும் பதில் போட்டிருக்கிறோம். என் கருத்தைக் கேட்டால், தவணைக்கு முழுதாகக் கதவைச் சாத்த வேண்டாம். ஆனால் நிபந்தனை இல்லாமல் வர வேண்டும், கடன் தொகையை முழுதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் முதலில் வர வேண்டும், 8,000 ஆகஸ்டிலேயே வர வேண்டும். இப்படி ஒரு கடிதம் வாங்கிவிட்டால் ஷேட் புகாரின் கதையும் அதோடு முடியும்.

இன்று காலை பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டைப் பார்த்தோம். கம்பெனி நடப்பில் இருப்பதாகத்தான் காட்டுகிறது, லண்டன் கெசட்டில் வைண்டிங் அப் மனு எதுவும் இல்லை. ஆனால் கடைசி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு தாண்டியிருக்கிறது, ஜூன் மாதம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் சார்ஜ் பதிவாகியிருக்கிறது, அதில் வர வேண்டிய கடன்களும் அடங்கும். நாளைக்கு கம்பெனி கவிழ்ந்தால் அந்த ஃபைனான்ஸ்காரருக்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முறை வரும். எனக்குக் கவலையே இதுதான், அதனால்தான் நாலு மாத வெயிட்டிங் பீரியட் முடியட்டும் என்று கைகட்டி உட்கார மனமில்லை. முதல் இன்வாய்ஸுக்கு அந்த நாலு மாதம் 10 அக்டோபரில் முடிகிறது, அதற்குள் நிறைய நடந்துவிடலாம்.

நாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். 18 ஆகஸ்ட் அன்று இங்கிலாந்து சொலிசிட்டர் மூலம் வழக்குக்கு முந்தைய நோட்டீஸ் அனுப்பலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். 750 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிக்கு அங்கே 21 நாள் கெடு வைத்து ஸ்டாச்சுட்டரி டிமாண்டும் கொடுக்க முடியும், ஆனால் தகராறு இருக்கும் கடனுக்கு அது எடுபடாது. அதனால் புகாரே இல்லாத முதல், மூன்றாவது இன்வாய்ஸ்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, இரண்டாவதைத் தனியாக நடத்தலாமா என்று பார்க்கிறோம். இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அல்லது நீங்களே அங்கே ஒரு வசூல் ஏஜென்சியைக் கைகாட்டுவதாக இருந்தால் அதையே செய்வோம், செலவைப் பங்கு போடும் விவரத்தையும் சொல்லுங்கள்.

நாலாவது ஆர்டரில் பையரின் பிரிண்ட் எதுவும் இல்லை, மெயின் லேபிள் மட்டும்தான். லேபிளைப் பிரித்து வேறு பையருக்குக் கொடுக்க இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், விலை படிந்தால் கொடுத்துவிடுவோம். அதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சீசன் போனால் அந்த டி-ஷர்ட்டுக்குப் பாதி விலைகூட வராது.

பில்களை பர்ச்சேஸ் செய்த எங்கள் பேங்குக்கும் நேற்றே எழுதிவிட்டோம், இ.டி.பி.எம்.எஸ்.இல் மூன்றும் நிலுவையாகவே இருக்கின்றன. இன்வாய்ஸ், பி.எல்., ஷிப்பிங் பில், பர்ச்சேஸ் ஆர்டர், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், ஜூன் முதல் இன்றுவரை நடந்த மெயில் அத்தனையும், பேங்க் கடிதம், கம்பெனீஸ் ஹவுஸ் பக்கங்களின் பிரிண்ட் எல்லாம் இணைத்திருக்கிறேன். மெயில்களில் எதையும் வெட்டவில்லை, எங்களுக்கு எதிராகப் படக்கூடிய வரிகளும் அப்படியே இருக்கின்றன.

தவணைக்குப் பதில் சொல்ல பையருக்கு 20 ஆகஸ்ட் வரை டைம் கேட்டிருக்கிறோம். 18ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் உங்கள் பதில் வந்தால் சொலிசிட்டர் நோட்டீஸையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். நேரில் பேசுவது நல்லது என்று நினைத்தால் நாளைக்கோ நாளை மறுநாளோ ஃபைலோடு வந்துவிடுகிறேன். பணம் ஏதாவது வந்தால், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், அன்றைக்கே தெரிவிப்போம்.

இப்படிக்கு,
சரவணன்
ஏற்றுமதிப் பிரிவுப் பொறுப்பாளர், திருப்பூர்