எழுத்துப்பணி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பும் கணக்குத் தீர்வும்

சுங்கை சிப்புட், பேராக்
10 நவம்பர் 2025

பெறுநர்: திரு. கதிரவன், ஈப்போ

பொருள்: என் வாழ்க்கைக் கதைப் புத்தகத்துக்காக 3 மார்ச் 2025 அன்று நாம் கையெழுத்திட்ட எழுத்து, மொழிபெயர்ப்பு ஒப்பந்தம்

அன்புள்ள தம்பி கதிரவன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. பண்டிகை நேரத்தில் ஒருவர் வீட்டுக்கு இப்படி ஒரு தபால் போகக்கூடாது என்று நிறுத்திவைத்தேன். என் கை நடுக்கம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, பேத்தி தட்டச்சு செய்கிறாள். கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஒப்பந்தத்தின் 11ஆம் விதி, இருவரில் எவரும் 14 நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த விதியின்படி, இந்த ஒப்பந்தம் 24 நவம்பர் 2025 அன்று முடிவுக்கு வருகிறது. இன்று முதல் புதிதாக எந்த அத்தியாயத்தையும் எழுத வேண்டாம். மலாய் மொழிபெயர்ப்பையும் மேற்கொண்டு தொடர வேண்டாம். இதுவரை செய்த வேலைக்கு உரிய கூலி முழுவதும் உங்களுக்கு வந்துசேரும். எழுதப்பட்டவை அனைத்தும் என்னிடம் வந்துசேர வேண்டும். மற்றவை விவரங்கள்தாம்.

காரணத்தை எழுத வேண்டும் என்று 11ஆம் விதி கேட்கவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்பீர்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் வாய்மொழியாகச் சொன்னவற்றையே இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் 1948 ஜூன் 16 வருகிறது. அன்று நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் வந்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. நான் ஒலிப்பதிவில் சொன்னது இவ்வளவுதான்: என் அப்பா அன்று காலை தம் தோட்டத்தில் பெரட்டு முடிந்து ரப்பர் மரம் சீவப் போயிருந்தார், செய்தி காதுக்கு வந்தது மாலையில். உங்கள் பிரதியில் அவர் ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் பார்க்கிறார். நீக்கும்படி கேட்டேன். அடுத்த பிரதியில் ஒளிந்து நிற்கும் இடம் மாறியிருந்தது, பார்ப்பது மாறவில்லை. என் பேரப்பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால், அது என் பெயரில் நிற்கும் பொய்.

ஐந்தாம் அத்தியாயத்தில் பாம்பு கடித்த பெண்ணை நானே அறுவை செய்து பிழைக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்னைப் போன்ற தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் காயம் கட்டுவான், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பான், தன்னால் ஆகாததை மேலே அனுப்புவான். நான் செய்தது, தோட்ட லாரியை எழுப்பி அவளைக் கோலகங்சார் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தது. அவளைக் காப்பாற்றியவர்கள் அங்கே இருந்த டாக்டர்களும், அந்த இரவில் லாரி ஓட்டிய மனிதரும். அந்த ஓட்டுநரை உங்கள் அத்தியாயத்தில் காணவில்லை. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட உறுத்தியது.

நண்பகல் வெயிலில் மரம் சீவும் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இருட்டோடு எழுந்து போவதே வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதற்காகத்தான். தோட்டத்தில் பிறந்த எவரும் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

உங்கள் தமிழ் நல்ல தமிழ். ஆயாக்கொட்டகை பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை என் மனைவி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுத விரும்புவது ஒரு நாவல். எனக்கு வேண்டியது நடந்தது. இந்த இரண்டும் ஒரே மேசையில் உட்காராது என்று இப்போது தெளிவாகிவிட்டது.

இனி எழுத்துப் பிரதிகள். செப்டம்பரில் நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியில், "கதை உங்களுடையது ஐயா, வாக்கியங்கள் என்னுடையவை" என்று எழுதியிருந்தீர்கள். கேட்க அழகாக இருந்தது. ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. 7ஆம் விதியின்படி பிரதிகள், திருத்தங்கள், குறிப்புகள், ஒலிப்பதிவுகளின் எழுத்து வடிவம், மலாய் மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தின் பதிப்புரிமையும், அவை எழுதப்பட்ட கணத்திலிருந்தே என்னைச் சேரும். பணி பாதியில் நின்றாலும் இது மாறாது. 10 ரிங்கிட் முத்திரை வரி கட்டி, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. பதிப்புரிமைச் சட்டம் 1987, 26ஆம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது: ஒருவர் கேட்டு எழுதுவித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, எழுதுவித்தவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். மொழிபெயர்ப்பும் சட்டத்தின் பார்வையில் தனி உரிமை உள்ள படைப்பு என்பதால்தான் 7ஆம் விதியில் மலாய்ப் பிரதியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தோம்.

ஆகவே, முடிந்தவை, முடியாதவை, நானே வேண்டாம் என்று ஒதுக்கியவை எல்லாம் எனக்கு வேண்டும். ஒளிந்து நிற்கும் அப்பா வரும் பக்கங்களும் சேர்த்துத்தான். அவை வேறெங்கும் வேறு பெயரில் வெளிவரக்கூடாது. இந்தப் பிரதிகளை நானோ, நான் அமர்த்தும் வேறொருவரோ திருத்தவும் சுருக்கவும் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பதைப் பதிலில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். புத்தகத்தில் ஆசிரியராக என் பெயர் மட்டுமே வரும் என்பது முன்பே பேசியது. நன்றியுரையில் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு உதவியவர் என்று உங்கள் பெயரைப் போட விரும்புகிறேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருபவை ஒலிப்பதிவுகள். அவற்றில் நான் லயத்து மக்களின் நோய்களைப் பெயரோடு சொல்லியிருக்கிறேன். யாருக்குக் காசம் இருந்தது, எந்த வீட்டுப் பெண் யாருக்கும் தெரியாமல் என்னிடம் வந்தாள், சிவப்பு அடையாள அட்டையால் வேலை அனுமதி கிடைக்காமல் 1969க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய குடும்பம் யாரிடம் கடன் வைத்துப் போனது, இப்படி. புத்தகத்தில் பெயர்கள் மாறும் என்று உங்களிடம் சொல்லித்தான் வாய்திறந்தேன். அவர்களில் சிலர் இன்னும் இதே ஊரில் காலைச் சந்தைக்கு வருகிறார்கள்; அவர்கள் பிள்ளைகள் உங்கள் வயதுக்காரர்கள். ஒலிப்பதிவுக் கோப்புகளின் ஒரு பிரதியை எனக்குத் தந்தபின், கைத்தொலைபேசி, கணினி, இணையச் சேமிப்பு எங்கிருந்தாலும் அவற்றை அழித்துவிடுங்கள். அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இதில் மட்டும் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் இரவலாகத் தந்த இரண்டு நீல அட்டை நோட்டுப் புத்தகங்களும் வர வேண்டும். ஒன்றின் ஓரத்தில் அயோடின் கறை இருக்கும். அது பழைய கறை, உங்கள்மேல் பழி வராது. என் அப்பா கையில் உளியும் வாளியுமாக நிற்கும் புகைப்படமும், ஆஸ்பத்திரித் திண்ணையில் எடுத்த புகைப்படமும் அவற்றோடு வர வேண்டும். நீங்களாகப் போய்ப் பழைய கங்காணிகளிடம் எடுத்த நேர்காணல்கள் உங்கள் சொந்த முயற்சி. அவற்றை நான் கேட்கவில்லை. என் கதையைக் கலக்காமல் நீங்கள் எதற்கும் பயன்படுத்தலாம்.

கணக்குக்கு வருவோம். தமிழில் ஒன்று முதல் ஆறு வரை அத்தியாயத்துக்கு 600 ரிங்கிட் வீதம் 3,600. எனக்குப் பிடிக்காத இரண்டாம், ஐந்தாம் அத்தியாயங்களும் இதில் சேர்ந்தவை. பிடிக்கவில்லை என்பதற்காக உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஏழாம் அத்தியாயம் பாதி வந்திருக்கிறது, 300. ஒலிப்பதிவை எழுத்தாக்கியது 14 மணி நேரம், மணிக்கு 40 வீதம் 560. மலாய் மொழிபெயர்ப்பில் இரண்டு அத்தியாயங்கள் 300 வீதம் 600. மூன்றாவது பாதி முடிந்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் இன்னும் பார்க்கவில்லை, உங்கள் சொல்லை நம்பி 150. நீங்கள் காட்டிய ரசீதுகளின்படி பயணச் செலவு 120. ஆக மொத்தம் 5,330 ரிங்கிட். கையெழுத்திட்ட அன்று 2,000, ஜூனில் 1,800 என 3,800 கொடுத்துவிட்டேன். உங்களுக்கு வர வேண்டிய மீதி 1,530 ரிங்கிட்.

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதியதற்குத் தனியாக 300 கேட்டிருந்தீர்கள். 4ஆம் விதி, அத்தியாயத்துக்கு இரண்டு திருத்தங்களைக் கூலிக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. நீங்கள் செய்தது முதல் திருத்தம். அதைத் தர இயலாது. எழுதப்படாத ஐந்து அத்தியாயங்களுக்கு இழப்பீடும் ஒப்பந்தத்தில் இல்லை.

மீதியில் பாதி, 765 ரிங்கிட், இன்றே உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதித்தந்த அதே கணக்கு. நான் முதலில் கை நீட்டுவது, பணத்தைப் பிடித்துவைத்துப் பிரதியை வாங்குகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக. மறுபாதி 765, கோப்புகளும் நோட்டுகளும் புகைப்படங்களும் என் கைக்கு வந்து, ஒலிப்பதிவுகளை அழித்த உறுதியும் கிடைத்த மூன்று நாளுக்குள் வரும். எழுத்துக் கோப்புகள் திருத்தக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். அச்சிட மட்டும் உதவும் வடிவம் போதாது.

கணக்கில் பிழை கண்டால் 17 நவம்பருக்குள் எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு உரிமைகோரல் வழக்குப் போடலாம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படி நம் இருவருக்கும் தேவையில்லை என்றே நம்புகிறேன். வேறு வேலைக்கு நற்சான்று வேண்டுமென்றால் கேளுங்கள். உங்கள் நடை, நேரம் தவறாமை, மலாய்த் திறன் பற்றி மனமாரக் கையெழுத்திடுவேன். அந்தச் சான்றில் என் கதையின் பகுதி எதையும் மாதிரியாக இணைக்க வேண்டாம்.

22 நவம்பர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். நோட்டுகளையும் புகைப்படங்களையும் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவாருங்கள். வர முடியாவிட்டால் என் மருமகன் ஈப்போவுக்கு வந்து வாங்கிக்கொள்வார்; அதை முன்கூட்டித் தெரிவியுங்கள். கையெழுத்திட்ட இரண்டு பிரதிகள் அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் ஒன்றில் கையெழுத்திட்டுத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
சு. மாணிக்கம்
ஓய்வுபெற்ற தோட்ட ஆஸ்பத்திரி டிரசர்
சுங்கை சிப்புட்