பி-மதிப்பு பற்றிய உன் பேச்சின் மேல் சில கேள்விகள்

மக்களே,

சனிக்கிழமை நாகர்கோவிலில் நீ பேசியதை முழுக்கக் கேட்டேன். கேள்விக்கென்று ஒதுக்கிய பத்து நிமிடத்தில் பாதியை ஒருத்தர் தன் சொந்தக் கதைக்கே எடுத்துக்கொண்டார். அதனால் நான் கேட்க நினைத்ததை எழுதி அனுப்புகிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் இதே பேச்சைப் பேசப் போகிறாய். அங்கே இவற்றைக் கொஞ்சம் காரமாகவே கேட்பார்கள். முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்.

நான்காவது ஸ்லைடில் இருந்து தொடங்குகிறேன். "பி-மதிப்பு 0.03, அதாவது இந்த முடிவு தற்செயலாக வந்திருக்க 3 சதவீத வாய்ப்புதான்" என்று போட்டிருந்தாய். அதற்கு முந்தின ஸ்லைடில் நீயே சரியாகச் சொன்னாய்: இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிய அளவோ வேறுபாடு வருவதற்கான நிகழ்தகவுதான் பி-மதிப்பு என்று. இந்த இரண்டும் ஒன்றுதானா? உன் தேன்பெட்டிச் சோதனையையே எடு. ஈக்களுக்குச் சீனிப்பாகு கொடுத்ததால் ஒரு பயனும் இல்லை, தேனில் வந்த வேறுபாடு எல்லாம் தற்செயல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே ஆரம்பிக்கிறோம். அப்படி ஆரம்பித்த கணக்கு, தற்செயல் என்பதற்கே எவ்வளவு வாய்ப்பு என்று எப்படிச் சொல்லும்?

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட முடியுமா என்பது இதன் தொடர்ச்சி. 1000 யோசனைகளைச் சோதிக்கிறோம், அவற்றில் 100 மட்டும் உண்மையிலேயே பலன் தரும் என்று வை. பலன் இருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்றால் 80 யோசனைகளின் பி-மதிப்பு வழக்கமான கோடான 0.05க்குக் கீழே வரும். பலனே இல்லாத 900இலும் 5 சதவீதம், அதாவது 45, அதே கோட்டைத் தாண்டும். ஆக "சிக்னிஃபிகன்ட்" என்று கையில் கிடைப்பவை 125. அதில் 45 வெறும் தற்செயல், 36 சதவீதம். 1000த்தில் 10 யோசனைதான் தேறும் என்றால் கணக்கு எங்கே போகும்? எட்டு உண்மை, ஏறக்குறைய ஐம்பது பொய். சோதனை அதேதான், 0.05உம் அதேதான். மாறியது நாம் எந்த மாதிரி யோசனைகளோடு சோதனைக்கு வந்தோம் என்பது மட்டும். பி-மதிப்புக்கு அது தெரியாது. இந்த ஒரு கணக்கைச் சேர்த்துவிட்டு அந்த 3 சதவீத வரியை எடுத்துவிடு.

இனி தேன்பெட்டிகளுக்கு வருகிறேன். உன் பேச்சிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கேள்வியும் இங்கேதான் அதிகம். மழைக்காலத்தில் 20 பெட்டிகளுக்குச் சிரட்டையில் சீனிப்பாகு வைத்தார்கள், 20 பெட்டிகளுக்கு வைக்கவில்லை. தேன் எடுத்தபோது சராசரி வேறுபாடு 0.6 கிலோ, பி-மதிப்பு 0.03. கூட்டத்தில் பின் வரிசையில் இருந்த தேன் வளர்க்கிற அண்ணன் ஒருத்தர், "பெட்டியெல்லாம் எந்தத் தோட்டத்துல இருந்துச்சு?" என்று கேட்டார். நீ ஊர்ப் பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாய். அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் பாகு வைத்தவை எல்லாம் திருவட்டாறு பக்கம் ஒரு தோட்டத்தில். வைக்காதவை எல்லாம் பேச்சிப்பாறை பக்கம். அப்படித்தானா?

அப்படியென்றால் நீ ஒப்பிட்டது பாகையா, தோட்டத்தையா? நம் பக்கத்தில் தேன் வரத்து ரப்பரை நம்பித்தான். ஜனவரிக்கு மேல் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, பூவில் அல்ல, இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் தேனைத்தான் ஈ எடுக்கிறது. மர ரகம் மாறினால் தளிர் விடும் நாளும் மாறும். சாம்பல் நோய் விழுந்த தோட்டத்தில் தளிரே கொட்டிப்போகும். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் இருக்க, 40 பெட்டியையும் தனித்தனி சாட்சி மாதிரி கணக்கில் எடுத்திருக்கிறாய். உண்மையில் சாட்சி இரண்டு தோட்டங்கள்தான். டி-சோதனை நீ கொடுத்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். பெட்டி எங்கே இருந்தது என்று அது கேட்காது. ஒவ்வொரு தோட்டத்திலும் பாதிப் பெட்டிக்குப் பாகு வைத்து, எந்தப் பெட்டிக்கு என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

இன்னொன்றும் அந்தத் தேன் வளர்க்கிற அண்ணனே சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்டார். பாகு வைத்த பெட்டியில் கூடுதலாக வந்தது தேன்தானா? ஈ பாகைக் குடித்துத் தீர்க்காமல் அடையில் சேர்த்தும் வைக்கும். மழை முடிந்ததும் பாகை நிறுத்தினார்களா, தேன் அறைச் சட்டங்களை அதற்குப் பிறகுதான் வைத்தார்களா என்று உன் ஸ்லைடில் இல்லை. எடை போட்டதில் கொஞ்சம் சீனிப்பாகும் கலந்திருந்தால் பி-மதிப்பு 0.0001 ஆக இருந்தாலும் என்ன பிரயோசனம்?

அடுத்து, 0.6 கிலோ என்பதை ஏன் தனியாக விட்டாய்? உன் ஸ்லைடில் இருந்த திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.85 கிலோ, ஒரு குழுவுக்கு 20 பெட்டி. நான் போட்டுப் பார்த்ததில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சுமார் 0.06 கிலோவில் இருந்து 1.14 கிலோ வரை வருகிறது. மேல் எல்லையில் ஒரு கிலோவுக்கு மேல் தேன்; யாரும் விடமாட்டார்கள். கீழ் எல்லையில் வெறும் 60 கிராம். ஒரு பெட்டிக்கு இரண்டு கிலோ சீனி கரைத்ததாகச் சொன்னாய். 60 கிராம் தேனை விற்று இரண்டு கிலோ சீனிக்காசை எடுக்க முடியுமா? அப்படியானால் இந்த முடிவை வைத்து அந்த அண்ணனிடம் "பாகு வையுங்கள்" என்று சொல்வாயா, மாட்டாயா? 0.03 என்ற ஒற்றை எண்ணைச் சொன்னால் அவருக்கு எதுவும் கிடைக்காது. இந்த இடைவெளியைச் சொன்னால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஏழு அளவுகள் எடுத்த அட்டவணையில் ஒரு சந்தேகம். தேன் எடை, புழு அடை, பெட்டி எடை என்று ஏழு இருந்தன. அவற்றில் தேன் எடை மட்டும் 0.05க்குக் கீழே வந்தது, அதையே தலைப்பாக்கிவிட்டாய். தேன் எடைதான் முக்கியம் என்று பெட்டி வைக்கும் முன்பே எழுதி வைத்திருந்தீர்களா? இல்லையென்றால், ஒன்றிலும் பலனே இல்லாதபோதும், ஏழு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், ஏதாவது ஒன்று 0.05க்குக் கீழே வர 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரே பெட்டியில் எடுத்த அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2009இல் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை மூளை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டிச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்தபோது, செத்த மீனின் மூளையும் "வேலை செய்தது". பல சோதனைகளுக்கான திருத்தம் போட்டதும் அது மறைந்துவிட்டது. கருத்தரங்கில் இதைச் சொன்னால் தூங்குகிறவனும் நிமிர்வான்.

புழு அடை வரிசையில் பி-மதிப்பு 0.20. அதன் பக்கத்தில் "வித்தியாசம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இதற்கு உன்னுடைய தேயிலை உதாரணத்தையே எடுக்கிறேன். பால் முதலில் ஊற்றியதா, டீ முதலில் ஊற்றியதா என்று ருசித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கு ஃபிஷர் சொன்ன சோதனையில் எட்டுக் கோப்பை, அதில் நான்கில் பால் முதலில். குத்துமதிப்பாகச் சொல்லி நான்கையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்பு, 0.014. இதுவரை அழகாகச் சொன்னாய். அவர் நான்கில் மூன்றை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தால்? அப்போது பி-மதிப்பு 17/70, கிட்டத்தட்ட 0.24. ருசி தெரிந்தவருக்கும் ஒரு கோப்பை தவறலாமே. அவருக்கு ருசி தெரியாது என்று முடிவு கட்டுவாயா, எட்டுக் கோப்பை போதவில்லை என்பாயா? புழு அடைக்கும் அதே பதில்தான் எழுத வேண்டும்.

0.05 எங்கிருந்து வந்தது என்பதை ஓட்டமாகச் சொல்லிவிட்டாய், அது பரவாயில்லை. "ஃபிஷர் போட்ட சட்டம்" என்று மட்டும் சொல்லாதே. 1925இல் வசதியான ஒரு எல்லை என்றுதான் அவர் எழுதினார். ஆண்டு தவறாமல் எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையை வைத்துக் கருதுகோளைத் தள்ளுகிற விஞ்ஞானி யாரும் இல்லை என்று 1956இல் அவரே எழுதியிருக்கிறார். கோட்டை முன்பே வகுத்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்கும் முறை நெய்மனும் ஈகன் பியர்சனும் கொண்டுவந்தது. இரண்டையும் நம் பாடப்புத்தகங்கள் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கின்றன. அதை உன் தலையில் சுமத்த மாட்டேன்.

கடைசியாக ஒரு பையன், "அப்போ பி-வேல்யூவே வேண்டாமா?" என்று கேட்டான். நீ 2015இல் ஒரு உளவியல் இதழ் அதைத் தடை செய்ததைச் சொல்லி, "ஆமா" என்றாய். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தாயா? அது தூக்கி எறியச் சொல்லவில்லை. தரவும் வைத்துக்கொண்ட மாதிரியும் எவ்வளவு பொருந்தவில்லை என்பதைப் பி-மதிப்பு காட்டலாம் என்று முதலில் ஒத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான், கருதுகோள் உண்மையா என்பதை அது சொல்லாது, பலன் பெரிதா சிறிதா என்பதைச் சொல்லாது, ஒரு கோட்டைத் தாண்டியதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே என்று அடுக்குகிறது. அந்தப் பையனுக்கு "ஆமா", "இல்லை" இரண்டுமே பதில் இல்லை. 40 பெட்டி, 0.6 கிலோ, இந்த இடைவெளி, பெட்டிகளை இப்படிப் பிரித்தோம், இவ்வளவு அளவுகளைப் பார்த்தோம்; இவற்றோடு பி-மதிப்பும் ஒரு வரி. இப்படிச் சொல்ல முடியுமா என்று யோசி.

பெட்டி எண்ணும் தோட்டமும் எழுதிய அந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்துக்கு எடுத்து வா. திருவட்டாறு பெட்டிகளில் பாகு வைக்காதது ஒன்றிரண்டாவது இருந்தால் அதில் இருந்து தொடங்குவோம். இல்லையென்றால் அதையும் ஸ்லைடில் எழுதிவிடு.

அன்புடன்,
உன் சார்