அமோனியா கசிவு நிகழ்வு: புலனாய்வு அறிக்கையின் தமிழாக்கம்

நிகழ்ந்த இடம்: தூத்துக்குடி அருகே உள்ள கடல் உணவு உறைபதனத் தொழிற்சாலை, கம்ப்ரசர் அறை
நிகழ்ந்த நாள்: 14 ஆகஸ்ட் 2024, புதன்கிழமை, காலை 10.43
புலனாய்வுக் குழு: பாதுகாப்பு அலுவலர், பராமரிப்புப் பொறியாளர், குளிரூட்டல் துறையில் அனுபவமுள்ள வெளி நிபுணர் ஒருவர், பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதி இருவர்

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மூல அறிக்கை, பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களும் கம்ப்ரசர் அறையிலும் பேக்கிங் கூடத்திலும் பணிபுரிவோரும் படித்தறிவதற்காகத் தமிழாக்கம் செய்யப்பட்டுள்ளது. தங்கள் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை, விபத்து நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 111ஏ பிரிவு தொழிலாளர்களுக்கு அளித்தது. அவர்கள் படிக்க இயலாத மொழியில் அந்தத் தகவல் இருந்தால் உரிமை பெயரளவில்தான் நிற்கும்.

இவ்வறிக்கையில் மூன்று சொற்கள் வெவ்வேறு பொருளில் ஆளப்பட்டுள்ளன. விபத்தை அந்தக் கணத்தில் நேரடியாக உண்டாக்கியது 'உடனடிக் காரணம்'. எதைச் சரிசெய்தால் இதே வகை விபத்து மீண்டும் நிகழாதோ அது 'மூலகாரணம்'. தனித்து நின்று விபத்தை உண்டாக்க இயலாதது, ஆனால் அதற்கான வாய்ப்பையோ அதன் பாதிப்பையோ கூட்டியது 'துணைக் காரணி'. பேச்சு வழக்கில் மூன்றையுமே 'காரணம்' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரவில்லை.

மூலத்தின் ஒரு வரியை நேருக்கு நேர் தமிழாக்கினால் 'ஆபரேட்டர் வால்வை மூடத் தவறினார்' என்று வரும். தமிழில் அது கடமை தவறினார் என்ற பழியாக ஒலிக்கும். குழுவிடம் விளக்கம் கேட்டபோது, வாயு பீறிட்ட பிறகு வால்வை நெருங்கவே முடியாத நிலை இருந்தது என்பதே தாங்கள் கருதிய பொருள் என உறுதிசெய்தனர். ஆகவே அவ்வரி 'வால்வை மூட இயலவில்லை' என்று மாற்றப்பட்டுள்ளது. 'அலட்சியம்', 'கவனக்குறைவு' ஆகிய சொற்களுக்கு இணையானவை மூலத்தில் இல்லை; இங்கும் அவை சேர்க்கப்படவில்லை.

நிகழ்வின் சுருக்கம்

'ஆயில் பாட்' எனப்படும் எண்ணெய் சேகரிப்புக் கலத்திலிருந்து எண்ணெய் வடிக்கும் பணியின்போது, எண்ணெய் தீர்ந்ததைத் தொடர்ந்து திரவ அமோனியா வெளியேறியது. வெளியேறிய அளவு சுமார் 12 கிலோ எனக் கணக்கிடப்பட்டது. ஆபரேட்டருக்கு வலது கையிலும் முன்கையிலும் இரசாயனப் புண் ஏற்பட்டதுடன் தொண்டையிலும் எரிச்சல் உண்டானது. அவர் ஐந்து நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். பேக்கிங் கூடத்தில் இருந்த மூன்று பெண் தொழிலாளர்கள் கண் எரிச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் சிகிச்சை பெற்று அன்று மாலையே வீடு திரும்பினர். காயமடைந்தவர் 48 மணி நேரத்திற்கு மேல் பணிக்கு வர இயலாததால், தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது.

எண்ணெய் வடிக்கும் பணி

கம்ப்ரசருக்கு இடப்படும் எண்ணெயில் ஒரு பகுதி அமோனியாவுடன் சேர்ந்து குழாய்களுக்குள் சென்றுவிடுகிறது. கனிம எண்ணெய் அமோனியாவுடன் கலப்பதில்லை. திரவ அமோனியாவைவிடக் கனமானது என்பதால் கலன்களின் அடியில் தங்குகிறது. அதை ஆயில் பாட்டுக்குள் சேர்த்து அவ்வப்போது வடிக்காவிட்டால் குளிரூட்டும் திறன் குறையும். இந்தத் தொழிற்சாலையில் வாரத்திற்கு ஒருமுறை வடிக்கப்படுகிறது.

எண்ணெய் எப்போது தீரும் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது என்பதில்தான் இப்பணியின் ஆபத்து இருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் கூழ்போல் மெதுவாக வழியும். வேகம் போதவில்லை என்று வால்வைக் கூடுதலாகத் திறக்கத் தோன்றும். அவ்வாறு திறந்திருக்கும்போது எண்ணெய் தீர்ந்தால், மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அமோனியா அதே வழியாகப் பீறிட்டு, தன் திரவக் கனஅளவைப்போல் எண்ணூறு மடங்குக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். கைப்பிடியை விட்டவுடன் தானாகவே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்றை வடிகுழாயில் கூடுதலாகப் பொருத்துவது இதற்காகத்தான்.

நிகழ்வுகளின் வரிசை

காலை 10.25க்கு ஆபரேட்டர் தனியாகப் பணியைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருந்த உதவியாளர், ஏற்றுமதிக் கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் பணிக்காக அரை மணி நேரத்திற்கு முன்பே அழைத்துக்கொள்ளப்பட்டிருந்தார். ஆயில் பாட்டைக் கலனிலிருந்து தனிமைப்படுத்தி, அதிலுள்ள அமோனியாவை உறிஞ்சி வெளியேற்றி, எண்ணெய் சற்றுச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எழுத்துப்பூர்வ விதி. அன்று தனிமைப்படுத்தும் வால்வு மூடப்படாமலேயே எண்ணெய் வடிக்கப்பட்டது.

எண்ணெய் மெதுவாக வந்ததால் 10.40க்கு ஆபரேட்டர் சக்கரப்பிடி வால்வை மேலும் இரண்டு சுற்றுத் திறந்தார். 10.43க்கு அமோனியா பீறிட்டது. அவரால் வால்வை மூட இயலவில்லை. கையிலும் முகத்திலும் தெறித்த நிலையில் வெளியேறி, சுமார் 20 மீட்டர் தொலைவிலுள்ள அவசரக் குளியலுக்குத் தாமே சென்று தண்ணீரில் நின்றார். கண் தப்பியதற்கு அவர் அணிந்திருந்த மூடிய கண்ணாடியும், தயங்காமல் தண்ணீரை நாடியதுமே காரணம் என்று மருத்துவர் தெரிவித்தார்.

10.46க்கு வாயு உணர்கருவியின் ஒலி கம்ப்ரசர் அறையில் கேட்டது. பேக்கிங் கூடத்தில் எந்த ஒலியும் எழவில்லை; அங்கிருந்த சுமார் 40 பேரும் நெடியை உணர்ந்த பிறகே வெளியேறினர். 10.52க்கு வெளிப்புற அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது. 10.58க்குக் காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவி அணிந்த இருவர் உள்ளே சென்று, ஆயில் பாட்டுக்கு முந்தைய வால்வை மூடினர். வாசலில் தண்ணீர்த் தூவல் அமைக்கப்பட்டு, 11.20க்கு அளவீடுகள் இயல்புக்குத் திரும்பின.

உடனடிக் காரணம்

கலனுடன் இணைப்பில் இருந்த ஆயில் பாட்டின் வடிகுழாய் வால்வு திறந்திருந்தபோது எண்ணெய் தீர்ந்ததும், அக்குழாயில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு எதுவும் இல்லாததுமே உடனடிக் காரணம்.

மூலகாரணம்

ஆபரேட்டர் விதியைப் பின்பற்றவில்லை என்பதோடு விசாரணையை முடித்திருக்கலாம். முதல் நாள் வரைவில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2009இல் ஆலை அமைக்கப்பட்டபோது தயாரிக்கப்பட்ட வரைபடத்தை வெளி நிபுணர் கேட்டு வாங்கிப் பார்த்ததும் விசாரணை திசை மாறியது. அதில் வடிகுழாயில் இரண்டு வால்வுகள் காட்டப்பட்டிருந்தன: ஒன்று சக்கரப்பிடி வால்வு, மற்றது ஸ்பிரிங் வால்வு. விபத்து நடந்த அன்று இரண்டாவது வால்வின் இடத்தில் ஒரு சாண் நீளக் குழாய்த்துண்டு இருந்தது.

பராமரிப்புப் பதிவேட்டின்படி, 2021 மார்ச் மாதம் ஸ்பிரிங் வால்வில் ஒழுகல் ஏற்பட்டு அது கழற்றப்பட்டது. அதே பக்கத்தில் 'தற்காலிகம். புது வால்வு வந்ததும் மாற்ற வேண்டும்' என்று எழுதப்பட்டுள்ளது. கொள்முதல் கோரிக்கை இருமுறை அனுப்பப்பட்டது. உற்பத்தியைப் பாதிக்காத பொருள் என்ற வகையில் அது இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. அதன் பிறகு பொறுப்பிலிருந்த பொறியாளர் மாறிவிட்டார். புதியவருக்கு அந்தக் குழாய்த்துண்டு ஆரம்பத்திலிருந்தே இருப்பதாகத் தோன்றியது. விபத்துக்குள்ளான ஆபரேட்டர் 2022இல் பணிக்குச் சேர்ந்தவர். ஸ்பிரிங் வால்வை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனவே குழு கண்டறிந்த மூலகாரணம்: பாதுகாப்புக்கான ஒரு உறுப்பு அகற்றப்படும்போது அதனால் எழும் ஆபத்தை மதிப்பிட்டு, மாற்று ஏற்பாடு செய்து, காலவரம்பு வைத்து, ஒப்புதல் தரும் மாற்ற மேலாண்மை முறை இத்தொழிற்சாலையில் இல்லை. அதனால் தற்காலிகமாகச் செய்த மாற்றம் மூன்றாண்டுகளுக்கும் மேலாக யாருடைய பார்வைக்கும் வராமல் நீடித்தது. ஸ்பிரிங் வால்வு இருந்திருந்தால், தனிமைப்படுத்தும் படி விடுபட்டிருந்தாலும், ஆபரேட்டர் கையை எடுத்த கணமே வெளியேற்றம் நின்றிருக்கும்.

துணைக் காரணிகள்

தனிமைப்படுத்தும் படி ஏன் விடுபட்டது என்று குழு எட்டுப் பேரிடம் விசாரித்தது. முழு முறைப்படி செய்தால் இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். ஷிப்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ 45 நிமிடம். எல்லா ஷிப்டிலும் இந்தப் படி விடப்பட்டு வந்ததாக விசாரிக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஒப்புக்கொண்டனர். "இதற்கு முன்பும் இப்படித்தான் எடுத்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை" என்று ஒருவர் கூறியதை ஏனையோரின் நிலையாகவும் குழு எடுத்துக்கொள்கிறது. எழுத்துப்பூர்வ விதி ஆங்கிலத்தில் மட்டுமே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. ஆபரேட்டர் அதைப் படித்துப் பணி கற்றவர் அல்லர், முன்னவரைப் பார்த்துக் கற்றவர்.

இருவர் செய்ய வேண்டிய பணியில் ஒருவர் மட்டும் இருந்தது மற்றொரு துணைக் காரணி. உதவியாளரை அழைத்துக்கொள்ள மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இருந்தது. அப்படி அழைத்தால் எண்ணெய் வடிப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாதிப்பைக் கூட்டிய காரணிகள் மூன்று. பேக்கிங் கூடத்திற்குக் காற்றை இழுக்கும் விசிறியின் வாய் கம்ப்ரசர் அறையின் பக்கவாசலுக்கு நேராக இருந்தது; கூடத்துக்கு எச்சரிக்கை ஒலிப்பான் இல்லை. சுவாசக் கருவிகள் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே அலமாரியில் வைக்கப்பட்டிருந்ததால், உறைவிப்பு அறைப் பக்கமிருந்து வேறு இரண்டைக் கொண்டுவர ஆறு நிமிடங்கள் வீணாயின.

ஒரு மாற்றுக் கருத்து

கொள்முதல் கோரிக்கை இருமுறை தள்ளப்பட்டதைத் தனி மூலகாரணமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று தொழிலாளர் பிரதிநிதிகளில் ஒருவர் வலியுறுத்தினார். மாற்ற மேலாண்மை முறை இருந்திருந்தால் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவைக்கவே முடிந்திருக்காது என்பதால் அது மூலகாரணத்துக்குள் அடங்கும் என்று பெரும்பான்மையினர் கருதினர். இரு கருத்துகளும் இங்கே பதிவுசெய்யப்படுகின்றன.

திருத்த நடவடிக்கைகள்

ஸ்பிரிங் வால்வு 19 ஆகஸ்ட் 2024 அன்று பொருத்தப்பட்டது. அதுவரை எண்ணெய் வடிப்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆலையின் எல்லாக் குழாய்களையும் 2009ஆம் ஆண்டு வரைபடத்துடன் ஒப்பிட்டு, விடுபட்ட அல்லது மாற்றப்பட்ட பாதுகாப்பு உறுப்புகளின் பட்டியலைப் பராமரிப்புப் பொறியாளர் 15 செப்டம்பருக்குள் பாதுகாப்புக் குழுவிடம் தர வேண்டும். மாற்ற மேலாண்மை முறையை ஆலை மேலாளர் 31 அக்டோபருக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். தற்காலிக மாற்றம் எதுவும் 30 நாள்களுக்கு மேல் அவருடைய கையொப்பமின்றித் தொடரலாகாது.

எண்ணெய் வடிப்புக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. இருவர் இல்லாதபோது பணி தொடங்கப்படாது. எழுத்துப்பூர்வ விதி தமிழில் எழுதப்பட்டு, அதை ஆபரேட்டர்களே செய்துகாட்டிச் சரிபார்த்த பிறகே ஒட்டப்படும். சுவாசக் கருவிகள் கம்ப்ரசர் அறையின் வெளிவாசலுக்கு மாற்றப்பட்டுவிட்டன. பேக்கிங் கூடத்துக்கான ஒலிப்பானையும் காற்று இழுக்கும் வாயின் இடமாற்றத்தையும் 30 நவம்பருக்குள் முடிக்க வேண்டும். அதுவரை எண்ணெய் வடிக்கும் நேரத்தில் அந்த விசிறி நிறுத்தப்படும்.

காயமடைந்த ஆபரேட்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எதையும் குழு பரிந்துரைக்கவில்லை. அவருக்கு இந்தத் தமிழாக்கத்தின் முதல் படி கொடுக்கப்பட்டு, அவர் கூறியவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று கேட்கப்பட்டது. வால்வைத் திறந்தது இரண்டு சுற்று அல்ல, ஒன்றரைச் சுற்று என்று அவர் திருத்தினார். மூல அறிக்கையை மாற்ற இயலாததால் அத்திருத்தம் இங்கே தனியே குறிக்கப்படுகிறது.