கையெழுத்து – காட்சி 3 (ரிகர்சலுக்கு டைப் பண்ணது)

(சாயங்காலம், ஹால். அண்ணன் போன பாத்துட்டு இருக்கான். அம்மா ஓரமா உக்காந்து துணி மடிக்கிறாங்க. தம்பி உள்ள வர்றான், செருப்ப கூட கழட்டல. எல்லாரும் முதல் வரியிலயே கத்திடாதீங்க, இது வெறும் எரிச்சல், கோவம் இன்னும் வரல.)

தம்பி: அண்ணே, யாரோ ரெண்டு பேரு வாசல்ல டேப் வச்சு அளந்துட்டு போறாங்க. யாரு அவங்க?

அண்ணன்: (நிமிராம) ப்ச். வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத, எனக்கே ஆயிரம் டென்ஷன்.

தம்பி: யாருன்னுதானே கேட்டேன், அதுக்கு ஏன் சிடுசிடுன்னு விழுற?

அண்ணன்: தெரிஞ்சவங்க. போதுமா?

தம்பி: தெரிஞ்சவங்க வந்தா உள்ள வந்து உக்காருவாங்க, மதில் சுவத்த எதுக்கு அளக்குறாங்க?

(இங்க இருந்து அண்ணனுக்கு கடுப்பு. எரிச்சல் எது மேலயும் வரும், கடுப்புன்னா ஆள் மேல. போன டேபிள்ல டொக்குனு வைக்கணும், குரல் இன்னும் ஏறக்கூடாது.)

அண்ணன்: நீ என்ன போலீஸா? கடுப்ப கிளப்பாம போய் வேலைய பாரு. மாசத்துக்கு ஒருதடவ எட்டி பாக்குறவன்லாம் கணக்கு கேக்குறான்.

தம்பி: (பல்ல கடிச்சுக்கிட்டு) கேக்குற கேள்விக்கு பதில் சொல்லுண்ணே. அதுல ஒருத்தன் என்கிட்ட, அட்வான்ஸ் குடுத்தாச்சு தம்பி, கிரயம் எப்பன்னு உங்க அண்ணன்தான் சொல்லணும்ங்கறான். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, ஆனாலும் உன் வாயால கேட்டுக்கலாம்னுதான் பேசாம வந்தேன்.

(அம்மா கை நிக்குது. ஆனா தலைய தூக்கல.)

அண்ணன்: ஆமா வாங்குனேன், கடன் இருக்கு, வட்டி கட்டியே செத்துட்டு இருக்கேன், வேற யார்கிட்ட போய் நிப்பேன்?

தம்பி: வீடு அம்மா பேர்ல இருக்கு! நீ யாரு அட்வான்ஸ் வாங்க?

அண்ணன்: பவர் எழுதி குடுத்திருக்காங்க. ரெஜிஸ்டர் ஆயிருக்கு. போய் பாத்துக்க.

(இப்பதான் ஆத்திரம். தம்பிக்கு வார்த்த ஒண்ணுமேல ஒண்ணு ஏறி விழணும், சுத்தமா உச்சரிச்சா ஆத்திரம் மாதிரி இருக்காது, மேடைப்பேச்சு மாதிரி இருக்கும்.)

தம்பி: பவரா? எப்ப... யாரக் கேட்டு... டேய், அண்ணன்னு பாக்குறேன் இல்லனா இங்கயே... நீயெல்லாம் ஒரு... (சட்டைய புடிக்கிறான்)

அண்ணன்: கைய எடுடா! ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? அம்மாவே வந்து ரேக வச்சாங்க, கேட்டுக்க!

(ரெண்டு பேரும் அம்மாவ பாக்குறாங்க. குடும்பத்தையே கெடுக்குறதுக்கு தொல்காப்பியம் குடிகோள்னு ஒரு பேர் வச்சிருக்கு, வெகுளி, அதாவது கோவம், வர்ற நாலு காரணத்துல அது ஒண்ணு. அம்மாவா நடிக்கிறவங்க இத மனசுல வச்சுக்கங்க. இவ்ளோ நேரம் பசங்க கத்துனது எல்லாம் இவங்க பேசுறதுக்கு இடம் பண்ணத்தான். முதல்ல குரல் தாழ்ந்தே இருக்கணும், சினம்ங்கறது அதுதான்.)

அம்மா: ரேக வச்சேன். எதுக்குன்னு சொல்லி வைக்க சொன்ன?

அண்ணன்: அம்மா, அது வந்து...

அம்மா: சொல்லுடா.

அண்ணன்: ...பென்ஷனுக்கு.

அம்மா: லைஃப் சர்டிபிகேட்டுன்ன. போட்டோ புடிப்பாங்க, விரல வைக்கணும், பேசாம உக்காரும்மான்ன. உக்காந்தேன். உங்கப்பா போனதுல இருந்து வருஷா வருஷம் செய்யறதுதானேன்னு உக்காந்தேன். (எந்திரிக்கிறாங்க, மடிச்ச துணியெல்லாம் மடியில இருந்து சரியுது, குரல் இங்கதான் வெடிக்கணும்) உசுரோட இருக்கேன்னு காட்டத்தானடா ரேக வச்சேன்! நான் செத்தவ மாதிரி என் வீட்ட பேரம் பேசியிருக்கியேடா பாவி!

அண்ணன்: கோவப்படாதம்மா, பிரஷர் ஏறிடும்...

அம்மா: கோவமா? உன் சட்ட கசங்குனா வர்றது கோவம். எனக்கு ஈரக்கொலையே பத்திக்கிட்டு எரியுது! பெத்தவளோட விரல புடிச்சு அமுக்குனியே, அப்ப உன் கை நடுங்கலயாடா? (துணிய வாரி அவன் மேல வீசுறாங்க) எடுடா அந்த அட்வான்ஸ் பணத்த! குடுத்தவன்கிட்ட இன்னைக்கே திருப்பி குடு!

அண்ணன்: பாதி செலவாயிடுச்சும்மா...

அம்மா: வண்டிய வித்து குடு! நாளைக்கு காலைல பவர ரத்து பண்றேன், நான் எழுதி குடுத்தத நான் ரத்து பண்ண எனக்கு தெரியும்!

தம்பி: அம்மா, நான் கூட்டிட்டு போறேன், நீ உக்காரு முதல்ல.

அம்மா: நீ வாய மூடு, மாசத்துக்கு ஒருதடவ வர்றவனே! என்னைய ஏமாத்தி கூட்டிட்டு போனவன் இவன். அதே ஆபீஸுக்கு இவனே கூட்டிட்டு போவான், அத்தன பேர் முன்னாடி எதுக்கு ரத்து பண்றோம்னு இவன் வாயாலயே சொல்லுவான்.

(விளக்கு சட்டுனு அணையணும். மியூசிக் வேணாம்.)