பதிவை ரத்து செய்யவும், என் விவரங்களை யாருக்கும் அனுப்புவதை நிறுத்தவும் – பதிவு எண் 2417

வணக்கம் சார்,

நான் கோத்தகிரியிலிருந்து ரேவதி. போன ஜனவரியில் கோவையில் உங்கள் அலுவலகத்துக்கே நேரில் வந்து, அக்கவுண்ட்ஸ் வேலைக்காகப் பதிவு செய்தவள். அந்தப் பதிவை இன்றோடு ரத்து செய்துவிடுங்கள். என் பயோடேட்டாவை இனி எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டாம். வரும் சனிக்கிழமை அவிநாசி ரோட்டில் ஏற்பாடு செய்திருக்கிற இன்டர்வியூவுக்கும் நான் வரவில்லை, அங்கே தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள், எனக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த அன்றே உங்கள் கவுன்டரில் இருந்த அக்காவிடம் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னேன்: கோவைக்கு மட்டும் அனுப்புங்கள், நீலகிரியில் எந்த டீ ஃபேக்டரிக்கும் அனுப்ப வேண்டாம், நான் இப்போது வேலை பார்ப்பதே ஒரு டீ ஃபேக்டரியில்தான் என்று. அவரும் ஃபார்மின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவருடைய போனை மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஃபேக்டரிக்காரர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் என் போட்டோ, போன் நம்பர், இப்போது வாங்குகிற சம்பளம், கீழே ‘உடனே சேரத் தயார்’. நான் ஒரு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நாலு வருட அனுபவம் அங்கே ஏழு வருடமாகியிருந்தது.

சார், இங்கே ஊர் சின்னது. குன்னூர் ஏலத்துக்குத் தூள் அனுப்புகிற ஃபேக்டரிகளில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் ஃபேக்டரியில் சிறு விவசாயிகள் கொண்டுவந்து போடுகிற பச்சை இலைக்கான கணக்கு முழுக்க என் கையில் இருக்கிறது, யாருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு அட்வான்ஸ் கழித்தது, எல்லாம். அந்தக் கணக்கை வைத்திருப்பவள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடப் பார்க்கிறாள் என்று மேனேஜருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கத்தவில்லை. ‘என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று மட்டும்தான் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன், அதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

அப்புறம் போன் கால்கள். உங்களிடமிருந்து நம்பர் கிடைத்தது என்று சொல்லி யார் யாரோ இரவு ஒன்பது மணிக்கு மேலும் கூப்பிடுகிறார்கள், ஒருவர் யூனிஃபார்முக்கு 2,000 ரூபாய் முதலில் கட்டச் சொன்னார். அவர் உங்கள் ஆள்தானா என்பதையும் எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இப்போது நான் கேட்பது இதுதான். என் பயோடேட்டா, போட்டோ, மார்க் ஷீட் நகல்கள், ஆதார் நகல் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தும் ஸ்டாஃப் போன்களிலிருந்தும் அழித்துவிடுங்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலே போதும் என்று அப்போது எனக்குத் தெரியாது, முழு எண்ணும் இருக்கிற நகலைக் கொடுத்துவிட்டேன், அதனால் அது முக்கியம். பேப்பர் நகல் இருந்தால் கிழித்துப் போடுங்கள். இதுவரை யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று கம்பெனி பெயர், தேதியோடு ஒரு பட்டியல் வேண்டும், அவர்களிடமும் என் விவரங்களை நீக்கச் சொல்லுங்கள். பட்டியல் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நாளைக்கு நானாகவே தேடி ஒரு இடத்தில் சேர்ந்தால், ‘நாங்கள் அனுப்பிய கம்பெனிதான், முதல் மாதச் சம்பளத்தில் பாதி கொடு’ என்று யாரும் வரக் கூடாது. பதிவு இன்றோடு முடிகிறது, அந்தப் பாதிச் சம்பளப் பேச்சும் அதோடு முடிகிறது என்று எழுத்தில் கொடுங்கள்.

பதிவுக் கட்டணம் 1,500 ரூபாயைத் திரும்பக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு இன்டர்வியூ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி.

2023-ல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பதிவு செய்ய எனக்கு ஒரு கையெழுத்துதான் ஆனது. ஆகவே ரத்து செய்ய நேரில் வாருங்கள், ஃபார்ம் எழுதுங்கள் என்று சொல்லாதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வந்து திரும்ப எனக்கு ஒரு நாள் லீவு போய்விடும்.

ஏழு நாளுக்குள் இதே மெயிலில் பதில் அனுப்புங்கள். போன் வேண்டாம், பகலில் ஆபீஸில் மேனேஜருக்கு எதிர் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேவதி
கோத்தகிரி