கறவை மாட்டு மந்தைக்கான ஆண்டு நலக் காலண்டர்

காவிரி டெல்டாவிலுள்ள நமது பயிற்சிப் பண்ணையின் 22 கலப்பினப் பசுக்களுக்கும் 9 கன்றுகளுக்கும் உரிய இந்தக் காலண்டர், வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டுள்ளது.

ஜனவரி: மழைநீர் தேங்கிய வயலோரங்களில் நத்தைகள் பெருகியிருக்கும், அங்கே மேய்ந்த மாடு தட்டைப்புழுக்களோடு திரும்பும். தாடைக்கு அடியில் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கமோ, துர்நாற்றத்துடன் நீர்த்த கழிச்சலோ தென்பட்டால், சாணத்தைப் பரிசோதித்தபின் ஆக்ஸிகுளோசனைடு கொடுக்க வேண்டும். சினையின் தொடக்க மாதங்களில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது. ஆகவே மருந்தை எடுக்கும் முன் கருவூட்டல் பதிவேட்டைப் பாருங்கள்.

பிப்ரவரி: குடற்புழு நீக்கி இரண்டு வாரம் கழித்து, நலமாயுள்ள நான்கு மாதத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கெல்லாம் கோமாரித் தடுப்பூசி போடப்படும். முதல் முறை பெறும் கன்றுக்கு ஒரு மாதத்தில் ஊக்க ஊசி உண்டு. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துபோன குப்பியைப் பயன்படுத்தவே கூடாது. இந்த ஒரு கவனக்குறைவு போதும், முழு மந்தையும் பாதுகாப்பின்றிக் கிடக்க.

மே: தோல் கழலை நோய்த் தடுப்பூசியும் உண்ணி ஒழிப்பும். மாட்டை மட்டுமன்றிக் கொட்டகைச் சுவரின் வெடிப்புகளையும் கவனியுங்கள், ஏனெனில் உண்ணி முட்டையிடுவது அங்கேதான்.

ஜூலை இறுதி: இரண்டாம் குடற்புழு நீக்கம். ஆகஸ்ட் நடுவில் மீண்டும் கோமாரி ஊசி. மூன்று வாரம் கழித்து, செப்டம்பரில், ஆறு மாதத்துக்கு மேற்பட்டவற்றுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசிகள். ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் வேறு நோய்; அதற்கான ஊசி, அந்நோய் முன்பு கண்ட பகுதிகளுக்கு மட்டுமே உரியது.

கன்றுகளுக்கு மாதக் கணக்கல்ல, வயதுக் கணக்கே பொருந்தும். பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் பைப்பரசின், பின் ஆறு மாதம் வரை மாதந்தோறும், ஒரு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழுநீக்கம் செய்யப்படும். நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு மட்டும் வாழ்நாளில் ஒருமுறை புருசெல்லா ஊசி போடப்படும்; அது உயிருள்ள கிருமி என்பதாலும் மனிதருக்கும் தொற்றும் என்பதாலும் கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மூன்று நாள் காய்ச்சலில் படுத்த மாட்டுக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கக்கூடும்; வாய்வழி மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் காது குளிர்ந்து கிடந்தால் பால் காய்ச்சல் என்று ஐயுற்று, மருத்துவரின் மேற்பார்வையில், இதயத் துடிப்பைக் கேட்டபடியே கால்சியத்தை மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும். சேறு மிகும் இம்மாதங்களில்தான் மடிநோயும் கூடும். ஒவ்வொரு காம்பின் முதல் பீய்ச்சலையும் கருநிறக் கிண்ணத்தில் பீய்ச்சிப் பாருங்கள், திரிதிரியாக வந்தால் அந்தப் பசுவைக் கடைசியாகக் கறந்து, அதன் பாலைத் தனியே அகற்றுங்கள்.