27 தாள்ல ஒரு பந்து: ஸ்குவாஷ், ஸ்ட்ரெச், டைமிங் சார்ட், ஸ்பேசிங் சார்ட்

போன ஞாயிறு அனிமேஷன் கிளாஸுக்கு வந்த பிள்ளைங்க பாதிப்பேர் ஒரே மாதிரி பந்து கீறிட்டு வந்திருந்தீங்க, மேலேருந்து கீழ வரைக்கும் அடிமட்டம் வச்சு அளந்த மாதிரி சமமா இடைவெளி விட்டு, அழகா, சுத்தமா. ஓட்டிப் பாத்தா பந்து லிஃப்ட்ல எறங்குற மாதிரி வருது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓஎல் படிக்கிறப்ப சி.ஆர். கொப்பி ஓரத்துல நாப்பது பந்து கீறி, மலையிலேருந்து கொழுந்து நிறுத்துட்டு வந்த அம்மாகிட்ட புரட்டிக் காட்டினா, அம்மா டீயை வச்சிட்டு ஒரு தடவை பாத்தாங்க, ரெண்டாவது தடவை பாத்தாங்க, "இது பந்தா பஞ்சா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பாடம் முழுக்க.

வர்ற ஞாயிறு ஹட்டன் வர முடியாதவங்க வீட்டிலேயே இதைப் பாத்துச் செய்யலாம். ஏ4 தாள் 27, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், ஜன்னல் கண்ணாடி போதும். கண்ணாடியில தாளை ஒட்டி வச்சா அடியில இருக்கிற தாள் தெரியும், ஆனா காலையிலேயே செஞ்சிருங்க, நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல பனி மூடிட்டா கண்ணாடியும் ஒண்ணுதான் செவரும் ஒண்ணுதான். ஃபோன்ல செய்றவங்க FlipaClip மாதிரி ஏதாவது ஒண்ணுல செக்கனுக்கு 12 படம்னு வச்சுக்கங்க. சினிமா செக்கனுக்கு 24 ஃபிரேம், நாம ஒவ்வொரு படத்தையும் ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்துறோம், அதனால 12 படம் கீறினா ஒரு செக்கன்.

மொதல்ல ரெண்டு வார்த்தையைக் குழப்பிக்காதீங்க. டைமிங்னா பந்து மேலேருந்து தரைக்கு வர எத்தனை படம் எடுக்குதுங்கறது. ஸ்பேசிங்னா அந்தப் படங்களை எங்கெங்க வைக்கிறோம்ங்கறது. ரெண்டு பிள்ளைங்க ஒரே டைமிங்ல, அதே 7 படத்துல, அதே உயரத்துலேருந்து பந்தை எறக்கலாம், ஒண்ணு பந்தா வரும் ஒண்ணு பஞ்சா வரும். வித்தியாசம் ஸ்பேசிங்ல மட்டும்தான் இருக்கு.

ஏன்னா விழுற சாமான் போகப் போக வேகம் எடுக்குது. மொத துண்டு நேரத்துல 1 பங்கு தூரம் விழுந்தா அடுத்த துண்டுல 3 பங்கு, அப்புறம் 5, 7, 9, 11. ஒத்தை எண்ணா போகும், கலிலியோ கண்டுபிடிச்ச கணக்கு இது. நாம ஒரு பங்கை அரை செ.மீ.ன்னு வச்சுக்குவோம். அப்ப 7 படத்துக்கு நடுவுல இருக்கிற 6 இடைவெளில 18 செ.மீ. சரியா வருது பாருங்க, இதுதான் ஸ்பேசிங் சார்ட், தாளோட எடது ஓரத்துல ஒரு செங்குத்துக் கோடு போட்டு இந்த இடங்கள்ல சின்னக் கோடு வைங்க:

```
படம்   தரையிலேருந்து   போன படத்திலேருந்து
 1       18.0 செ.மீ.     (உச்சி)
 2       17.5            0.5
 3       16.0            1.5
 4       13.5            2.5
 5       10.0            3.5
 6        5.5            4.5
 7        0.0            5.5   (தரை)
```

இதுல 4ஆம் படத்தை நல்லாப் பாருங்க. நேரத்துல சரி பாதி அது, முன்னாடி 3 இடைவெளி பின்னாடி 3 இடைவெளி. ஆனா பந்து எறங்கியிருக்கிறது 4.5 செ.மீ. மட்டும், 18ல கால்வாசி. பாதி நேரம்னா பாதி தூரம்னு நம்ம கை தானா 9 செ.மீ.ல கொண்டு போய் வைக்கும், எல்லாரும் சறுக்குற எடம் அதுதான், எனக்கு இன்னைக்கும் அவசரத்துல கை அங்கதான் போகுது.

நெசத்துல இது எவ்வளவு உயரம்னு கேட்டா, 6 இடைவெளின்னா அரை செக்கன், அரை செக்கன்ல ஒரு சாமான் விழுற தூரம் சுமாரா 1.2 மீட்டர், அதாவது பெரிய ஆள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேருந்து பந்தைக் கைவிட்ட மாதிரி. நம்ப முடியலன்னா ஃபோனை செவத்துல சாத்தி வச்சு ஒருத்தரைப் போடச் சொல்லி வீடியோ எடுத்து ஃபிரேம் ஃபிரேமா எண்ணிப் பாருங்க.

இனி குதிக்கிறது. கைவிட்ட உயரத்துக்குப் பந்து திரும்ப வராது. புது டெனிஸ் பந்தை 254 செ.மீ.லேருந்து போட்டா 135லேருந்து 147 செ.மீ.க்குள்ள எழும்பணும்னு சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தோட விதியே இருக்கு, பாதிக்குக் கொஞ்சம் கூட. நம்ம பந்து அப்படிப் புதுசு இல்லை, லயத்து வாசல்ல ரெண்டு வருசமா அடி வாங்கி கான்ல விழுந்து ஊறினது, அதனால 18லேருந்து 8க்கு எழும்பினாப் போதும். ஏன் 8? மேல இருக்கிற சார்ட்டையே திரும்பப் பாவிக்கலாம், அதுக்குத்தான். உச்சியிலேருந்து 4 இடைவெளில விழுற தூரம் 8 செ.மீ., 3ல 4.5, 2ல 2, 1ல 0.5. இடைவெளி எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி ரெண்டால பிரிச்சாத் தூரம். ஏறுறதும் அதே இடங்கள்தான், தலைகீழா. முழு டைமிங் சார்ட் இது, நட்சத்திரம் போட்டது தரையைத் தொடுற படம்:

```
படம்      தரையிலேருந்து உயரம் (செ.மீ.)
 1-7     18  17.5  16  13.5  10  5.5  0*
 8-11    3.5  6  7.5  8
12-15    7.5  6  3.5  0*
16-18    2.5  4  4.5
19-21    4  2.5  0*
22-25    1.5  2  1.5  0*
26-27    0.5  0*
```

27 படம், ரெண்டேகால் செக்கன். குதிக்கக் குதிக்க உயரம் மட்டும் குறையல, நேரமும் குறையுது, 6, 4, 3, 2, 1ன்னு. தட்... தட்.. தட். தட்தட்னு வாயால சொல்லிப் பாத்தாலே வெளங்கும். உயரத்தைக் குறைச்சிட்டு நேரத்தைக் குறைக்காம விட்டா கடைசிக் குதிப்பெல்லாம் நிலாவுல குதிக்கிற மாதிரி ஆயிரும்.

பக்கவாட்டுல ஒவ்வொரு படத்துக்கும் அரை செ.மீ. வலதுபக்கம் தள்ளுங்க, இது மட்டும் கடைசி வரைக்கும் சமமா. பக்கவாட்டுல சமம், மேல கீழ சமமில்லை, அதனால வளைவு தானா வந்துரும்.

இப்பத்தான் ஸ்குவாஷ் ஸ்ட்ரெச், அதாவது நசுக்கலும் இழுப்பும். இதை இவ்வளவு தூரம் தள்ளி வச்சது வேணும்னேதான், ஏன்னா மொதல்ல உருண்டைப் பந்தாவே 27 படத்தையும் கீறி ஓட்டிப் பாத்து அது பந்து மாதிரி விழுந்தாத்தான் இதைத் தொடணும், ஸ்பேசிங் பிழைச்ச பந்தை எவ்வளவு நசுக்கினாலும் நசுங்கின பஞ்சுதான். டிஸ்னியில வேலை செஞ்ச ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981ல எழுதி வச்ச பன்னிரண்டு விதிகள்ல மொதலாவது இதுதான், அதனால நெறையப்பேர் மொதல் நாளே இதுல பாஞ்சிடுறாங்க.

உருண்டைப் பந்து 3 செ.மீ. குறுக்களவு. நசுக்கினாலும் இழுத்தாலும் உள்ள இருக்கிறது கூடவும் கூடாது குறையவும் கூடாது, ரொட்டி மாவு உருண்டையைத் தட்டுற மாதிரி, தட்டையானா அகலும். ஈசியா ஞாபகம் வைக்க, உயரத்தையும் அகலத்தையும் பெருக்கினா எப்பவும் 9:

```
உருண்டை           உயரம் 3    × அகலம் 3
கொஞ்சம் இழுப்பு    உயரம் 3.6  × அகலம் 2.5
நல்ல இழுப்பு       உயரம் 4    × அகலம் 2.25
நல்ல நசுக்கல்      உயரம் 2    × அகலம் 4.5
கொஞ்சம் நசுக்கல்   உயரம் 2.5  × அகலம் 3.6
```

1லேருந்து 4 வரைக்கும் உருண்டை. 5 கொஞ்சம் இழுப்பு, 6 நல்ல இழுப்பு, 7 நல்ல நசுக்கல், 8 கொஞ்சம் இழுப்பு, 9லேருந்து 13 வரைக்கும் திரும்ப உருண்டை, 14 கொஞ்சம் இழுப்பு, 15 கொஞ்சம் நசுக்கல். மத்ததெல்லாம் உருண்டையாவே விடலாம், அடி குறையக் குறைய நசுங்கலும் குறையணும். உச்சியில இழுத்து வைக்காதீங்க, அங்க வேகமே இல்லை, எதுக்கு இழுபடணும்?

6ஆம் படத்தைக் கிட்ட வச்சுப் பாப்போம். 5லேருந்து 6க்கு 4.5 செ.மீ. தாண்டுது, பந்து 3 செ.மீ.தான், அப்ப ரெண்டு படத்துக்கும் நடுவுல 1.5 செ.மீ. வெறும் இடம். அந்த வெற்றிடத்தால கண்ணு பந்தைத் தொடர மாட்டாம டக் டக்குன்னு ரெண்டு பந்தாப் பாக்குது. 6ஐ 4 செ.மீ.க்கு இழுத்தா வால் பின்னால நீண்டு அந்த இடைவெளி அரை செ.மீ.க்கு வந்துரும். ஸ்ட்ரெச்சோட உண்மையான வேலை அது. நெசப் பந்து காத்துல அப்படி நீளுறதே இல்லை, கேமரால கலங்கித் தெரியும் பாருங்க, அந்தக் கலங்கலைத்தான் நாம பென்சில்ல கீறுறோம். நசுங்குறது நெசந்தான், ஆனா டெனிஸ் பந்து தரையைத் தொட்டு எழும்புற நேரம் செக்கன்ல 200ல ஒரு பங்கு மாதிரி, ஒரு ஃபிரேமுக்குக்கூடப் போதாது. நாம அதை ரெண்டு ஃபிரேம் நிறுத்தி வைக்கிறது கண்ணுக்கு அடி உறைக்கிறதுக்காக.

எங்க அளக்கிறதுன்னு போன முறை ரெண்டு பேர் கேட்டீங்க. பந்தோட அடியைத்தான் சார்ட் கோட்டுல வைக்கணும், எறங்குறப்ப நீளம் மேல்பக்கம் வளரும். ஏறுறப்ப மட்டும் மாத்துங்க, உருண்டையா இருந்தா தலை எங்க இருக்குமோ அங்க தலையை வச்சு வாலைக் கீழ இழுங்க, வால் எப்பவும் வந்த பக்கம்தான். நசுங்கின பந்தோட அடி தரையை விட்டு எழும்பக்கூடாது, 7ஆம் படத்துல நடுப்புள்ளியை வச்சு நசுக்கி பந்தைக் காத்துல தொங்கவிட்டவங்க மூணு பேர் இருக்கீங்க, பேர் சொல்லல. இழுத்த பந்து நேரா நிக்காம போற வளைவோட சாயணும்.

எல்லாப் பந்தும் இப்படி நசுங்காது. கிரிக்கெட் லெதர் பந்து கீறினா கடைசி வரைக்கும் உருண்டை, குதிப்பும் ரொம்பக் குறைவு, தண்ணி நிரப்பின பலூன்னா இன்னும் தட்டையா நசுக்கலாம். பாக்கிறவங்க எதால செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது அதுலதான். பிளெண்டர்ல 3டி செய்றவங்களுக்கு 9 கணக்கு சரிவராது, அகலம் ரெண்டு பக்கம் இருக்கு, உயரம் 0.64ன்னா மத்த ரெண்டும் 1.25, மூணையும் பெருக்கினா 1 வரணும்.

முடிச்சவங்க ஒரு கஷ்டமான கணக்கு செய்யுங்க. லயத்து இஸ்தோப்புலேருந்து பந்து தேயிலை மலைச் சரிவுல விழுந்து கீழ கீழ குதிச்சு ஓடுது. சரிவுல நசுங்கல் சரிவோட ஒட்டிப் படுக்கணும், வானத்தைப் பாத்து இல்லை. ஒவ்வொரு தடவையும் தரை கீழ போயிருக்கும், அதனால எறங்குற படம் ஏறுற படத்தைவிடக் கூட வரும். எத்தனை கூடன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு பந்தை எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க, கூடவே கீழ நிக்க ஒரு தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, பந்து தொலைஞ்சா வாங்கித் தர்றது நான் இல்லை.